பாதி ஆற்றல் எங்கே போனது? இரண்டு கெப்பாசிட்டர் கணக்கில் சறுக்கும் இடங்கள்

1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை 10 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்கிறோம். சப்ளையைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள காலி கெப்பாசிட்டர் ஒன்றை அதன் குறுக்கே ஒரு சுவிட்ச் வழியாக இணைக்கிறோம். இப்போது இரண்டிலும் எத்தனை வோல்ட் இருக்கும்?

டிப்ளமோ படிக்கும்போது இந்தக் கேள்விக்கு நான் எழுதிய விடை 7.07 வோல்ட். ஆற்றல் அழியாது என்று படித்திருந்தோம் அல்லவா, அங்கிருந்து தொடங்கினேன். முதலில் இருந்தது `½CV²`, அதாவது 50 மில்லிஜூல். அது இரண்டுக்கும் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 25. அதற்குரிய வோல்டேஜ் 7.07. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, தொடங்கிய இடம்தான் பிழை. லேபில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கெப்பாசிட்டரையும் ஒரு மீட்டரையும் கையில் கொடுத்தார். மீட்டர் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது.

இந்த அமைப்பில் மாறாமல் இருந்தே தீர வேண்டியது மின்னூட்டம். மேல் தகடுகள் இரண்டும் சுவிட்சும் சேர்ந்த பகுதியிலிருந்து மின்னூட்டம் வெளியே போக வழி கிடையாது. முதலில் இருந்தது 10 மில்லிகூலும். இணைத்த பிறகு மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 2000 மைக்ரோஃபாரட், ஆகவே 5 வோல்ட். கெப்பாசிட்டரில் நிற்கும் ஆற்றலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது வெப்பமாக மாறி வெளியேறலாம். 5 வோல்ட்டில் ஒவ்வொன்றிலும் 12.5 மில்லிஜூல், சேர்த்தால் 25. மீதி 25 மில்லிஜூல் கெப்பாசிட்டர்களில் இல்லை.

இதைக் கேட்டதும் "அப்போ எங்கேயோ லீக் ஆகிறது" என்று தேடத் தொடங்குவது அடுத்த சறுக்கல். ஒரே மாதிரியான இரண்டு தண்ணீர் டிரம்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், மற்றது காலி. அடியில் குழாய் போட்டுத் திறந்தால் இரண்டிலும் அரை மீட்டர் நிற்கும். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் தண்ணீரின் சராசரி உயரம் அரை மீட்டரிலிருந்து கால் மீட்டராக இறங்கிவிட்டது, நிலையாற்றல் பாதியாகிவிட்டது. குழாய்க்குள் பாய்ந்து, சுழன்று, உராய்ந்து ஓய்ந்ததில் அது கரைந்தது. நம் சர்க்யூட்டில் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது கம்பியும், சுவிட்சின் முனைகளும், கெப்பாசிட்டர்களுக்கு உள்ளேயே இருக்கும் சிறு மின்தடையும்தான்.

சரி, மின்தடைதான் காரணம் என்றால் அதைக் குறைத்தால் இழப்பும் குறையும்தானே? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் கேட்க மிக நியாயமாக இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்ப்போம். நடுவில் 10 ஓம் வைத்தால் தொடக்க மின்னோட்டம் 1 ஆம்பியர். அது தணியும் கால மாறிலி `τ` 5 மில்லிசெகண்ட். (10 மில்லிசெகண்ட் அல்ல. மின்னோட்டத்தின் பார்வையில் இரண்டு கெப்பாசிட்டரும் தொடராக இருக்கின்றன, அதனால் `RC` என்பதில் வரும் C இங்கே 500 மைக்ரோஃபாரட். இதுவும் தேர்வுத்தாளில் அடிக்கடி கோட்டை விடும் இடம்.) வெப்பமாகும் ஆற்றல் `½·I²·R·τ`, அதாவது 25 மில்லிஜூல். இப்போது 0.1 ஓம் வையுங்கள். தொடக்க மின்னோட்டம் 100 ஆம்பியர், கால மாறிலி 50 மைக்ரோசெகண்ட். பெருக்கினால் மறுபடியும் அதே 25 மில்லிஜூல்.

மின்தடை நூறில் ஒரு பங்கானது. மின்னோட்டம் நூறு மடங்கு ஏறியது, அதன் வர்க்கம் பத்தாயிரம் மடங்கு, நேரம் நூறில் ஒரு பங்கு. எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. எவ்வளவு இழப்பு என்பதில் மின்தடைக்குப் பேச்சே இல்லை. எவ்வளவு வேகமாக, எந்தப் பொருளுக்குள் என்பதை மட்டும்தான் அது முடிவு செய்கிறது. 10 ஓம் ரெசிஸ்டர் போட்டால் வெப்பம் அதற்குள் போகும். வெறும் கம்பியால் இணைத்தால் கெப்பாசிட்டரின் உள்தடையிலும் சுவிட்ச் முனைகளிலும் போகும். பெரிய கெப்பாசிட்டர்களை நேரடியாக இணைக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிப் பற்றிக்கொள்வது இதனால்தான். ரெசிஸ்டர் போட்டு ஆற்றலை மிச்சப்படுத்தலாம் என்பதும் தவறு, ரெசிஸ்டர்தான் ஆற்றலைத் தின்கிறது என்று அதைக் கழற்றுவதும் தவறு.

"தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லையே" என்பார்கள். 25 மில்லிஜூல் என்பது ஒரு சொட்டுத் தண்ணீரை ஏறத்தாழ 0.1 டிகிரி மட்டும் சூடாக்கும். விரலுக்கு எப்படித் தெரியும்?

சிமுலேட்டரில் சரிபார்க்கலாம், ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. LTspice-இல் இதை ஓட்டினால் `E` என்ற விடை 25 மில்லிஜூலை ஒட்டி வரும்:

```
* two capacitors
C1 a 0 1000u IC=10
C2 b 0 1000u IC=0
R1 a b 10
.tran 0 50m 0 10u uic
.meas tran E INTEG (V(a)-V(b))*I(R1)
.end
```

இப்போது R1-ஐ `10k` என்று மட்டும் மாற்றி ஓட்டினால் விடை அரை மில்லிஜூலுக்குச் சரிந்துவிடும். பெரிய ரெசிஸ்டர் போட்டால் இழப்பு குறைகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். கால மாறிலி இப்போது 5 செகண்ட், நீங்கள் பார்த்ததோ முதல் 50 மில்லிசெகண்டை மட்டும். `50m` இருக்கும் இடத்தில் `50` என்றும், `10u` இருக்கும் இடத்தில் `10m` என்றும் மாற்றுங்கள், 25 திரும்பி வரும். ஓட்டம் முடிந்ததும் இரண்டு வோல்டேஜும் சமமாகிவிட்டனவா என்று பார்த்த பிறகே ஆற்றலைப் படிக்க வேண்டும்.

"எப்போதும் பாதி போகும்" என்று மனப்பாடம் செய்வது இன்னொரு தவறு. பாதி என்பது சம அளவுள்ள, ஒன்று காலியாக உள்ள கெப்பாசிட்டர்களுக்கு மட்டும். பொதுவான இழப்பு இது:

`½ · (C1·C2/(C1+C2)) · (V1−V2)²`

இந்தச் சூத்திரத்தின் கடைசியில் நிற்கும், தொடக்க வோல்டேஜ் வித்தியாசத்தின் வர்க்கம்தான் இதில் முக்கியம். இரண்டாவது கெப்பாசிட்டர் காலியாக இல்லாமல் 9.9 வோல்ட்டில் இருந்தால் வித்தியாசம் 0.1 வோல்ட். அப்போது இழப்பு 2.5 மைக்ரோஜூல், முன்பு போனதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கெப்பாசிட்டரை மட்டும் வைத்து வோல்டேஜை மாற்றும் சிப்கள் நல்ல திறனுடன் ஓட முடிவதும் இந்த வர்க்கத்தால்தான். அவை கெப்பாசிட்டரை ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கக் காலியாக்குவதில்லை, கொஞ்சம் இறங்கியதுமே நிரப்பிவிடுகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டையும் 10 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்து முனை மாற்றி இணைத்தால் வித்தியாசம் 20 வோல்ட். மொத்தம் இருந்த 100 மில்லிஜூலும் போய் மீட்டர் பூஜ்யம் காட்டும்.

அளவு வேறுபட்டாலும் கதை மாறும். 10 வோல்ட்டில் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட்டைக் காலியான 10 மைக்ரோஃபாரட்டுடன் இணைத்தால் வோல்டேஜ் 9.9, இழப்பு மொத்தத்தில் 1 சதவீதம்தான். ஆனால் சின்னக் கெப்பாசிட்டர் பெற்றது 0.49 மில்லிஜூல், இழந்தது 0.495. உள்ளே போனதுக்குச் சமமாக ஒரு பங்கு வெளியே எரிந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் காலிக் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்யும்போது நடப்பதும் இதேதான், பேட்டரியை மிகப் பெரிய C1 என்று எண்ணிக்கொள்ளலாம்.

மேசையில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் அச்சிட்ட மதிப்பு 20 சதவீதம் வரை முன்பின் இருப்பது சகஜம். 1200-ஐ 900-உடன் இணைத்தால் 5.7 வோல்ட் வரும். அதைப் பார்த்து ஆற்றல் தப்பித்துவிட்டது என்று எண்ணாமல் இரண்டையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். மீட்டர் 10 வோல்ட்டையே காட்டினால் சப்ளையைக் கழற்ற மறந்திருக்கிறீர்கள், எல்லாரும் ஒரு தடவையாவது செய்வதுதான். "காலி" கெப்பாசிட்டரையும் ஷார்ட் செய்துவிட்டுப் பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அதில் சிறு வோல்டேஜ் தானாக மீளும். கேமரா ஃப்ளாஷிலிருந்து கழற்றிய கெப்பாசிட்டரை இதற்கு எடுக்க வேண்டாம். அது 300 வோல்ட் அளவில் சார்ஜ் ஆகி இருக்கலாம், விளையாட்டு அல்ல.

கடைசியாக, மின்தடையே சுத்தமாக இல்லையென்றால்? இதைப் பெரிய புதிர் போல் கேட்பார்கள். அப்படி ஒரு சர்க்யூட்டை வெறும் இரண்டு கெப்பாசிட்டரும் சுவிட்சுமாக வரைந்தால் மின்னோட்டம் முடிவிலிக்குப் போகும், அந்தப் படத்தில் விடையே கிடையாது. நிஜக் கம்பி வளையத்துக்கு இன்டக்டன்ஸ் உண்டு. 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். மொத்த மின்தடை 0.09 ஓமுக்குக் கீழே போனால் வோல்டேஜ் நேராக 5-க்கு வந்து நிற்காது, தாண்டிப்போய் ஊசலாடும். மின்தடை பூஜ்யம் என்றால் இரண்டும் 5 வோல்ட்டைத் தொடும் கணத்தில் மின்னோட்டம் 223.6 ஆம்பியர். காணாமல் போன 25 மில்லிஜூல் அப்போது முழுதாகக் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் இருக்கும். மின்னோட்டம் அங்கே நிற்காமல் தொடர்ந்து, முதல் கெப்பாசிட்டர் பூஜ்யத்துக்கும் இரண்டாவது 10 வோல்ட்டுக்கும் போய், மறுபடி திரும்பும். இந்த ஆட்டம் மெல்ல அடங்குவது மின்காந்த அலையாக வெளியேறும் ஆற்றலால். நம் மேசையில் அந்த அலையின் பங்கு அற்பம், மின்தடை முந்திக்கொள்ளும்.

இழப்பை உண்மையிலேயே குறைக்க வேண்டுமா, இந்த ஊசலை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். நடுவில் 10 மில்லிஹென்றி காயிலும் ஒரு டையோடும் தொடராக வைத்தால் 7 மில்லிசெகண்டில் மின்னோட்டம் ஏறி இறங்கிவிடும், திரும்பி வர டையோடு விடாது. டையோடில் 0.7 வோல்ட் விழுகிறது என்று கொண்டால் இரண்டாவது கெப்பாசிட்டர் 9.3 வோல்ட்டில் நிற்கும், முதலாவதில் 0.7 மிஞ்சும். இழப்பு 25 மில்லிஜூல் அல்ல, 6.5. காயில் கம்பியின் மின்தடை இதைக் கொஞ்சம் கூட்டும். உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தாண்டும், அதற்குள் காயிலின் கோர் செறிவடைந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. சார்ஜ் ஆன கெப்பாசிட்டர் காலியானதைவிடக் கணிசமாகச் சிறியதாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அது பூஜ்யத்தைக் கடந்து எதிர்த் திசையில் சார்ஜ் ஆகும், எலக்ட்ரோலிட்டிக் அதைத் தாங்காது.