பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணல், தக்கைப்பூண்டை எப்போது மடக்கி உழுவது?

முதல் பூ தலைகாட்டியதும் மடக்கி உழுதுவிடுங்கள், வயல் முழுக்க மஞ்சளாகும்வரை பார்த்து ரசிக்க வேண்டாம். விதைத்து ஏறக்குறைய 45 நாளில் அந்தப் பருவம் வரும். தண்டை வளைத்துப் பாருங்கள்: சட்டென்று ஒடிந்தால் சரி, நார் உரிந்து தொங்கினால் பிந்திவிட்டது. இளந்தண்டு விரைவாக அழுகித் தழைச்சத்தை விடும். முற்றிய நாரை அழுகவைக்கும் நுண்ணுயிர்களோ மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். பிறகு விதைக்கும் நெல் வெளிறி நிற்கும்.

உழுதபின் ஈரத்தோடு இரண்டு கிழமை விட்டே நெல் விதையுங்கள்.

தம்பலகாமம் பக்கம் தண்ணீர் தேங்கும் பள்ள வயலுக்குத் தக்கைப்பூண்டுதான், சணல் அங்கே அழுகிப்போகும். மழையும் வாய்க்கால் தண்ணீரும் இல்லாத காய்ந்த மண்ணில் இந்தக் கணக்கு சரிவராது, மடக்கியது மக்காமல் அப்படியே கிடக்கும்.