கரண்ட் போனால் கடை ஷட்டரைத் திறப்பது எப்படி? மோட்டார் இணைப்பும் கைச்செயினும்

ஷட்டருக்கு மோட்டார் போடும்போது எல்லாரும் ரிமோட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: காலையில் கரண்ட் இல்லை, கடை பூட்டியிருக்கிறது, நீங்கள் தெருவில் நிற்கிறீர்கள், கைச்செயின் உள்ளே தொங்குகிறது. அப்போது எப்படித் திறப்பீர்கள்? கடைக்குப் பின்வாசல் இருந்தால் கவலை இல்லை. ஒரே வாசல் என்றால், வேலையை ஆரம்பிக்கும் முன்பே இதற்கு வழி செய்தாக வேண்டும்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

ஷட்டர் சுருளும் உருளையின் நடுவிலேயே மோட்டார் இருந்தால் அது சென்டர் மோட்டார். ஸ்பிரிங் உள்ள பழைய ஷட்டரில் போடுவது இது. ஸ்பிரிங் எடையைத் தாங்குவதால், ரிலீஸ் கேபிளை இழுத்து பிரேக்கை விடுவித்தால் ஷட்டரை எப்போதும்போல் கையால் தூக்கலாம். கேபிளின் முனையைச் சாவி போட்ட சிறு பெட்டியில் வெளியே கொண்டுவரவும் முடியும். ஒரே வாசல் உள்ள சின்னக் கடைக்கு இதுதான் பொருத்தம்.

உருளையின் ஒரு ஓரத்தில், சுவரில் அடித்த பிராக்கெட்டில் மோட்டார் உட்கார்ந்து, பல்சக்கரமும் செயினும் வழியாக உருளையைச் சுற்றினால் அது சைடு மோட்டார். பெரும்பாலும் இதில் ஸ்பிரிங் கிடையாது. ஷட்டரின் முழு எடையையும் தாங்கி நிற்பது மோட்டாருக்குள் இருக்கும் பிரேக்தான். இதில் இரண்டு சமாச்சாரங்கள் தொங்கும். ஒன்று வளையமாக உள்ள கைச்செயின், கரண்ட் இல்லாதபோது இதை இழுத்துத்தான் ஷட்டரை ஏற்ற வேண்டும். இன்னொன்று பிரேக்கை விடுவிக்கும் மெல்லிய கயிறு அல்லது கம்பி. ஷட்டர் மேலே இருக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்தால் ஷட்டர் தன் எடையிலேயே இறங்கும். அவசரமாக மூடுவதற்கான ஏற்பாடு அது, திறப்பதற்கு உதவாது. புதிதாக வேலைக்கு வந்த பையன் "ரிலீஸ் கயிறுதானே" என்று கீழே நின்று இழுத்துவிடக் கூடாது. அதைத் தனியாகச் சுருட்டி, சிவப்பு டேப் சுற்றி, கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவையுங்கள்.

இனி சொல்வதெல்லாம் சைடு மோட்டாருக்கு.

சப்ளை

10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஷட்டரை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர அடி, அதாவது சுமார் 9.3 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் செய்த பட்டைகள், மடிப்பும் சேர்த்து, சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ வரும். மொத்தம் 130 கிலோ. அடிப்பட்டையும் பூட்டும் சேர்த்து 150 என்று வையுங்கள். 300 கிலோ மோட்டார் இதற்குப் போதும். 150 கிலோ ஷட்டருக்கு 150 கிலோ மோட்டார் என்று சரிக்குச் சரி வாங்கினால், ஷட்டரின் ஓரங்கள் ஓடும் கைடு சேனலில் தூசி அடைந்த முதல் மழைக்காலத்திலேயே திணறும்.

மோட்டாருக்கு டிபி பெட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள். போர்டு லைட்டுக்குப் போகும் லைனிலிருந்து கிளை எடுக்க வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று (பேஸ், நியூட்ரல், எர்த்) போதும். தூரம் அதிகமானால் 2.5 போடுங்கள். காரணம் வோல்டேஜ். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவிசை சுமார் 60 சதவீதம்தான். மாலையில் மட்டும் ஷட்டர் பாதியில் நின்று உறுமுகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன், அது ஓடும்போது அதன் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம்.

எம்சிபி 'சி' வகை, 6 ஆம்பியர் போதும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். 'சி' வகை அதற்குப் பொறுத்துக்கொள்ளும். இதோடு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். இரும்பு ஷட்டரை வெறுங்கையால் தொடுகிறோம், தெருவில் போகிறவர்களும் தொடுவார்கள். அதே காரணத்துக்காக எர்த் வயரை மோட்டார் உடலில் முறுக்கிவிடாமல் லக் போட்டு போல்ட்டில் இறுக்குங்கள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் ஐசொலேட்டர் ஒன்று செயின் தொங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும்.

இன்வெர்ட்டரில் இணைக்கலாமா? மோட்டாரின் பெயர்ப்பலகையில் 2.5 ஆம்பியர் என்றிருந்தால் ஓடும்போதே சுமார் 575 விஏ. கிளம்பும்போது நான்கு மடங்கு என்று வைத்தால் 2300 விஏ. வீட்டில் ஃபேன், லைட்டுக்கு வைத்திருக்கும் 850 விஏ இன்வெர்ட்டர் அந்த இடத்திலேயே ஓவர்லோடு காட்டி நிற்கும்.

கரண்ட் போனதும்

1. ஐசொலேட்டரை அணையுங்கள். செயினில் கை இருக்கும்போது கரண்ட் திரும்பி, யாரோ ரிமோட்டை அழுத்தினால் விரல் போகும்.

2. பக்கப் பூட்டு, கீழ்ப் பூட்டு எல்லாம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டோடு இழுத்தால் அடிப்பட்டை வளையும்.

3. செயினின் ஒரு பக்கத்தை மெதுவாக ஒரு முழம் இழுத்து, ஷட்டர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். சரியான பக்கம் தெரிந்ததும் அந்த இடத்தில் சுவரில் ஒரு அம்புக்குறி வரைந்துவிடுங்கள். நேர் கீழாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் செயின் சக்கரத்தை விட்டு விலகிச் சிக்கும். கனமாக இருந்தால் பலம் போடாதீர்கள், கைடு சேனலில் எதுவோ தடுக்கிறது.

4. மேலே போனதும் எங்கே நிறுத்துவது? பலர் தவறுவது இங்கேதான். எல்லைக்கு வந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச் கரண்டை மட்டுமே துண்டிக்கும், உங்கள் கையை நிறுத்தாது. எல்லையைத் தாண்டி இழுத்தால் அடிப்பட்டை மேல் பெட்டியில் போய் மாட்டும், அந்தச் சுவிட்சை அழுத்த நகரும் நட்டும் அதைத் தாண்டிப் போய்விடலாம். கரண்ட் இருக்கும் நாளிலேயே ஷட்டரை மேலே ஏற்றி, அது தானாக நிற்கும் இடத்துக்கு நேராகக் கைடு சேனலில் பெயிண்டால் கோடு போட்டுவையுங்கள். கையால் இழுக்கும்போது அதற்கு நான்கு விரல் கீழேயே நிறுத்துங்கள்.

செயின் உள்ளே இருக்க, ஒரே வாசல் என்றால்? ஷட்டரிலேயே ஆள் நுழையும் சிறு கதவு ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம், ஆனால் அது மூடாமல் மோட்டாரை இயக்கினால் ஷட்டர் சிதையும். கதவு திறந்திருந்தால் மோட்டார் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அதில் இருக்க வேண்டும். சுவரில் பூட்டுப் பெட்டி வைத்துச் செயினை வெளியே கொண்டுவருவது இன்னொரு வழி. பெட்டி உறுதியாக இல்லாவிட்டால் அது திருடனுக்கும் வழிதான்.

கரண்ட் வந்த பிறகு

செயினைக் கொக்கியில் மாட்டுங்கள். தொங்கவிட்டால் அடுத்த தடவை மோட்டார் ஓடும்போது எதிலாவது சிக்கும். பிறகு ஐசொலேட்டரைப் போட்டு, ரிமோட்டைத் தொடாமல், சுவரிலுள்ள பட்டனில் 'கீழே' அழுத்துங்கள். ஒரு அடி இறங்கியதும் 'நிறுத்து'. அடுத்து 'மேலே' அழுத்தி, 'நிறுத்து' மேல் விரல் வைத்தபடி, பெயிண்டுக் கோட்டில் தானாக நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். லைனில் வேலை பார்த்தபோது இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். 'கீழே' அழுத்தினால் மேலே ஏறும், ஆனால் அந்த நேரம் மேல் லிமிட் எதையும் துண்டிக்காது. அப்படி ஏறினால் உடனே நிறுத்தி, ஐசொலேட்டரை அணைத்து, எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஏதேனும் இரண்டு பேஸை மாற்றச் சொல்லுங்கள்.