பள்ளிக்கூட எனர்ஜி ஆடிட்: கணக்கு எங்கே சறுக்குகிறது

மின்சாரம் எங்கே எவ்வளவு செலவாகிறது, எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும் பள்ளிக்கூட எனர்ஜி ஆடிட் அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பரிந்துரைகள் வரிசையாக இருக்கும்: இவ்வளவு செலவு, இவ்வளவு மிச்சம், இத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். அந்த மிச்சங்களை எல்லாம் கூட்டி ஆண்டு மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால், மொத்தக் கட்டணத்தில் முக்கால் பங்கை மிச்சப்படுத்துவதாகக்கூட வரலாம். அப்படி வந்தால் தவறு கடைசிப் பக்கத்தில் இல்லை. மணிக்கணக்கை எழுதிய முதல் பக்கத்திலேயே நடந்துவிட்டது.

கணக்குக்காக ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். 24 வகுப்பறை, அறைக்கு 4 ஃபேன், 4 பழைய டியூப் லைட். 30 கம்ப்யூட்டரும் இரண்டு ஏ.சி.யும் உள்ள ஒரு லேப், 5 எச்.பி. போர்வெல் மோட்டார், இரண்டு வாட்டர் கூலர், ஓர் அலுவலகம். தாழ்வழுத்த இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஓர் ஆண்டுக்கு ஆறு பில், மொத்தம் 24,500 யூனிட். ஒரே ஒரு பில்லைப் பார்த்து ஆறால் பெருக்குவது வேண்டாம். ஏப்ரல், மே பில்லுக்கும் ஜூலை பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது. கொரோனாவால் பள்ளி பெரும்பாலும் மூடிக் கிடந்த 2020-21ஐ அடிப்படை ஆண்டாக எடுக்கவே கூடாது.

வாட்டை எண்ணிவிட்டு மணியை ஊகிப்பது

பொருள்களை எண்ணுவது எளிது. 96 ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். 96 டியூப், சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட். இத்தோடு "தினம் 8 மணி, ஆண்டுக்கு 300 நாள்" என்று போட்டுவிட்டால் ஃபேனுக்கு 17,280 யூனிட், டியூபுக்கு 11,520 யூனிட். இரண்டும் சேர்ந்து 28,800. லேபும் மோட்டாரும் இன்னும் சேரவில்லை, அதற்குள்ளேயே பில்லைத் தாண்டிவிட்டது. பில்லோடு ஒத்துப்பார்க்காத ஆடிட்டர் கண்ணில் இது படவே படாது.

பள்ளி நடப்பது சுமார் 200 நாள். விளையாட்டு வகுப்பு, உணவு இடைவேளை, மார்கழிக் குளிர், தேர்வு நாள் என்று கழித்தால், முழு வேகத்தில் ஓடுவதற்குச் சமமாக ஃபேனுக்குத் தினம் 5 மணி கிடைக்கும். டியூபுக்கு 3 மணி. ஜன்னல் பெரிதாக இருந்தால் அதுவும் இல்லை. இதை உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்யாமல், ஒரு வாரம் ஒவ்வொரு பாட வேளையிலும் ஒரு சுற்று நடந்து எத்தனை ஃபேன், எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஆள் இல்லாத அறையில் ஓடுவதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

இப்போது கணக்கு இப்படி மாறும்: ஃபேன் 7,200, டியூப் 2,880, கம்ப்யூட்டர் 2,400, ஏ.சி. 2,100, மோட்டார் 2,250, அலுவலகமும் மற்றவையும் 1,500. கூட்டினால் 18,330. பில்லுக்கு இன்னும் 6,000 யூனிட்டுக்கு மேல் இடிக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் ஃபேனின் மணியை இழுத்து நீட்டிக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். செய்யாதீர்கள். காணாமல் போன அந்த யூனிட்டுகள் பெரும்பாலும் இரவில் இருக்கின்றன.

பள்ளி பூட்டியிருக்கும்போது மீட்டரைப் பார்க்காதது

வெள்ளி மாலை 6 மணிக்கு ஒரு ரீடிங், திங்கள் காலை 7 மணிக்கு இன்னொன்று. இடையில் 61 மணி நேரம். வித்தியாசம் 37 யூனிட் என்றால், யாருமில்லாத பள்ளி சராசரியாக 0.6 கிலோவாட் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆண்டு முழுக்க அதே அளவு என்றால் 5,256 யூனிட். இதைச் சேர்த்தால் மொத்தம் 23,586. பில்லுக்கு 4 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. 10 சதவீதத்துக்குள் வந்தாலே பரிந்துரை எழுதத் தொடங்கலாம்.

திங்கள் வரை காத்திருக்க நேரமில்லை என்றால் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கே போதும். மீட்டர் முகப்பில் imp/kWh என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அது, அதுதான் K. குறிப்பிட்ட சிமிட்டல்களுக்கு (n) எத்தனை விநாடி (t) ஆகிறது என்று பாருங்கள்.

```
kW = 3600 × n ÷ (t × K)
```

K 1600 ஆக இருந்து 10 சிமிட்டலுக்கு 38 விநாடி ஆனால், 0.59 கிலோவாட். இதில் உள்ள பெரிய அனுகூலம், மெயின் போர்டில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிச் சிமிட்டல் எந்த அளவு மெதுவாகிறது என்று பார்த்தே எது இழுக்கிறது என்று பிடித்துவிடலாம். மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் சி.டி. என்ற கருவி வைத்த மீட்டர் என்றால் பில்லில் உள்ள பெருக்கு எண்ணைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நம் பள்ளியில் அந்த 600 வாட்டில் 250 வாட் லேபின் ஆன்லைன் யு.பி.எஸ். கம்ப்யூட்டர் ஒன்றுகூட ஓடாவிட்டாலும் அது தன் இழப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாட்டர் கூலரும் யாரும் குடிக்காத தண்ணீரைக் குளிரவைக்கச் சராசரியாக 200 வாட். மிச்சம் சிசிடிவி, ரவுட்டர், வாசல் விளக்கு. அவற்றைத் தொட வேண்டாம்.

டாங் டெஸ்டரை மட்டும் நம்புவது

ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டர் காட்டுவது ஆம்பியர். அதை 230ஆல் பெருக்கி வாட் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. காப்பர் சோக் போட்ட 36 வாட் டியூப் சுமார் 0.43 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 99 வரும். மீட்டரில் ஏறும் உண்மையான வாட் 50க்குள்தான், ஏனென்றால் அந்த சோக்கின் பவர் ஃபேக்டர், அதாவது ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, ஏறக்குறைய 0.5. இந்தப் பிழையோடு போனால் டியூப் மாற்றும் பரிந்துரையின் மிச்சம் இரண்டரை மடங்குக்கு மேல் ஊதிவிடும். சோக் டியூப், சும்மா இருக்கும் யு.பி.எஸ். இரண்டிலும் இந்த ஏமாற்று அதிகம். வாட்டை நேராகக் காட்டும் பவர் மீட்டரைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சிமிட்டல் கணக்கே மேல்.

மொத்த பில்லை யூனிட்டால் வகுப்பது

ஆண்டு பில் 2,50,000 ரூபாய், 24,500 யூனிட், ஆக யூனிட்டுக்கு 10 ரூபாய் 20 காசு. இந்த விலையில் மிச்சத்தைக் கணக்கிடுவது தவறு. பில்லுக்குள் நிலைக் கட்டணம் இருக்கிறது. அது அனுமதிக்கப்பட்ட சுமையின் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வருவது. விளக்கை அணைத்தால் குறையாது. அதை நீக்கிவிட்டு யூனிட் கட்டணத்தை மட்டும் எடுங்கள். இங்கே 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளிக்கு உங்கள் பில்லில் உள்ள விகிதம். நிலைக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சுமையைக் குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு விண்ணப்பிப்பது தனிப் பரிந்துரை. வருங்காலத்தில் ஏ.சி. சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் வேண்டாம் என்று விடலாம்.

பணம் திரும்பும் காலத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவது

இனி வரிசை. யு.பி.எஸ்.ஸுக்கும் கூலருக்கும் டைமரும், அது சொல்லும் நேரத்தில் இணைப்பை வெட்டும் கான்டாக்டரும் வைக்க 4,000 ரூபாய். பள்ளி நடக்காத நேரம் ஆண்டுக்கு 7,160 மணி. 450 வாட்டுக்கு 3,222 யூனிட். காலையில் கூலர் தண்ணீரைத் திரும்பக் குளிரவைக்கச் செலவாவதைக் கழித்து 3,000 என்று எழுதலாம். ஆண்டுக்கு 24,000 ரூபாய். இரண்டு மாதத்தில் பணம் திரும்பும். கேள்விக்கே இடமில்லாமல் இது முதலில். யு.பி.எஸ்.ஸை மாலையில் அதன் ஸ்விட்சிலேயே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் டைமர் இணைப்பை வெட்டியதும் அது பேட்டரியில் ஓடத் தொடங்கிவிடும். இன்னொரு எச்சரிக்கை: கோடை விடுமுறையில் யு.பி.எஸ்.ஸை இரண்டு மாதம் அப்படியே அணைத்துவிட்டால் லெட் ஆசிட் பேட்டரி தானாக வடிந்து கெட்டுப்போகும். மாதம் ஒருமுறை ஒரு நாள் சார்ஜ் போட வேண்டும் என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

டியூபுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி., கூலியோடு ஒன்றுக்கு 300 ரூபாய். 30 வாட், 600 மணி, ஆண்டுக்கு 18 யூனிட், 144 ரூபாய். இரண்டு ஆண்டு சொச்சத்தில் திரும்பும். மொத்தச் செலவு 28,800, மிச்சம் 13,800. இரண்டாம் இடம்.

மூன்றாவதாக, ஜன்னலோர டியூபுகளுக்குத் தனி ஸ்விட்ச். 24 அறைக்கு 7,200 ரூபாய். அறைக்கு இரண்டு டியூப் பாதி நேரம் அணைந்திருந்தால் 720 யூனிட், 5,760 ரூபாய். ஒன்றேகால் ஆண்டில் திரும்புகிறதே, எல்.இ.டி.யைவிட மேலாயிற்றே என்று தோன்றும். ஆனால் எல்.இ.டி. போட்ட பிறகு அணைப்பது 50 வாட்டை அல்ல, 20 வாட்டை. மிச்சம் 288 யூனிட்டாகச் சுருங்கும், காலம் மூன்று ஆண்டைத் தாண்டும். இரண்டு மிச்சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவதுதான் அறிக்கைகளில் கண்டுபிடிக்கக் கடினமான தவறு. ஒவ்வொரு வரியும் தனியே பார்த்தால் சரியாகவே இருக்கும். மேலிருந்து கீழே வரும்போது, முந்தைய வேலை முடிந்துவிட்டது என்று வைத்து அடுத்ததைக் கணக்கிடுங்கள். இந்த ஸ்விட்ச் வேலையைத் தனியாக ஒப்பந்தம் விடாமல், எலக்ட்ரீஷியன் டியூப் மாற்ற ஏணி போடும் நாளிலேயே முடித்தால் கூலியும் குறையும்.

ஃபேன் விஷயம் வேறு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனால் 45 வாட் குறையும். 1,000 மணிக்கு 45 யூனிட், 360 ரூபாய். விலை 3,000 என்றால் எட்டு ஆண்டுக்கு மேல். பழைய "8 மணி, 300 நாள்" கணக்கில் இதுவே மூன்றரை ஆண்டு என்று காட்டியிருக்கும். அதை நம்பி 2,88,000 ரூபாயை நிர்வாகம் ஒரே தவணையில் போட்டிருக்கும். பட்டியலிலேயே அதிக யூனிட் குறைப்பது இதுதான், 4,320. அதற்காக முதலிடம் கொடுக்க முடியாது, தள்ளிவிடவும் முடியாது. பிரித்துப் போடுங்கள். அலுவலகம், ஆசிரியர் அறை போல ஆண்டுக்கு 2,000 மணி ஓடும் இடங்களில் உடனே மாற்றலாம், நான்கு ஆண்டில் திரும்பும். வகுப்பறைகளில் பழையது கெடும்போது மாற்றலாம். அப்போது சாதாரண ஃபேனுக்கு மேல் ஆகும் கூடுதல் 1,300 ரூபாயை மட்டும் கணக்கில் வைத்தால் போதும், மூன்றரை ஆண்டு. வாங்கும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வகுப்பறையில் ரிமோட் ஒரு பருவம்கூடத் தங்காது. சுவர் ஸ்விட்சைப் போட்டு அணைத்தாலே வேகம் மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சோலார் கடைசியில்தான் வரும். இப்போதைய 24,500 யூனிட்டுக்கு, ஒரு கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 1,450 யூனிட் தரும் என்று வைத்தால் 17 கிலோவாட் தேவைப்படுவதாகத் தெரியும். டைமர், எல்.இ.டி., ஸ்விட்ச் மூன்றும் முடிந்தபின் தேவை 19,500க்குக் கீழே, 13 கிலோவாட் சொச்சம். அதிலும் பள்ளி இல்லாத 165 நாளின் உற்பத்தி வெளியே போகும். அந்த யூனிட்டுக்கு உங்கள் கட்டணப் பிரிவில் என்ன மதிப்பு கிடைக்கிறது என்று மின்வாரியத்தில் எழுத்துபூர்வமாகத் தெரிந்துகொண்ட பிறகே பேனல் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.