டிவிடெண்ட், ரெக்கார்டு தேதி, பைபேக்: அறிவிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற பலரிடம் நாலைந்து கம்பெனிகளின் பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். வேலையில் இருந்தபோது வாங்கியது, மகன் வாங்கிக் கொடுத்தது என்று ஏதாவது. கம்பெனியிலிருந்து வரும் மின்னஞ்சல்களை ஒன்று அப்படியே அழித்துவிடுவார்கள், இல்லையென்றால் பதறிப்போய் யாரிடமாவது கேட்பார்கள். இரண்டுமே வேண்டாம். டிவிடெண்ட் அறிவிப்புக்குப் பெரும்பாலும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பைபேக் என்றால் கம்பெனியே தன் பங்குகளை உங்களிடமிருந்து திரும்ப வாங்குவது; அந்த அறிவிப்புக்கு நீங்களே முடிவெடுத்துச் செயல்பட வேண்டும், அதுவும் சில நாட்களுக்குள். குழப்பம் வருவதே இந்த இரண்டையும் ஒரே மாதிரி நினைப்பதால்தான்.

2025 கடைசியில் இன்ஃபோசிஸ் ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் கொடுத்தது. அதையே எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அந்தக் கம்பெனியின் 44 பங்குகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு ஒன்றுக்குச் சராசரியாக 1,000 ரூபாய் கொடுத்து வாங்கியவர், வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன.

சதவீதத்தைப் பார்த்து மயங்குவது

2025 அக்டோபர் 16 அன்று பங்குக்கு 23 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் என்று அறிவித்தார்கள். இதையே "460 சதவீத டிவிடெண்ட்" என்றும் எழுதலாம், பொய் இல்லை. அந்தப் பங்கின் முகமதிப்பு 5 ரூபாய், அதில் 460 சதவீதம்தான் 23 ரூபாய். ஆனால் சந்தையில் பங்கின் விலை அப்போது 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த விலைக்கு 23 ரூபாய் என்பது ஒன்றரை சதவீதம். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு "பங்குக்கு எத்தனை ரூபாய்" என்ற வரியைத் தேடுங்கள். நம் ஆசிரியருக்கு 44 × 23, ஆக 1,012 ரூபாய்.

இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழுவே முடிவு செய்துவிடலாம். ஆண்டு இறுதி டிவிடெண்டைக் குழு பரிந்துரைக்கத்தான் முடியும், பங்குதாரர் பொதுக்கூட்டம்தான் ஒப்புதல் தர வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் இன்ஃபோசிஸ் பரிந்துரைத்த 22 ரூபாய், ஜூனில் கூட்டம் முடிந்து ஜூன் 30 அன்றுதான் கைக்கு வந்தது. "ஏப்ரலில் செய்தி வந்ததே, மே ஆகியும் பணத்தைக் காணோமே" என்று வங்கிக்கு நடையாய் நடப்பவர்கள் உண்டு. அறிவிப்பில் பணம் வரும் தேதி தனியாகப் போட்டிருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

ரெக்கார்டு தேதியன்று வாங்குவது

அக்டோபர் அறிவிப்பில் ரெக்கார்டு தேதி 27 என்று இருந்தது, அது திங்கட்கிழமை. அன்றைக்கு யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கு டிவிடெண்ட். சரி, அப்போது 27 காலையில் வாங்கினால் போதுமா? போதாது. இன்று வாங்கும் பங்கு அடுத்த வேலைநாளில்தான் டீமேட்டுக்கு வந்து சேரும். ஆகவே கடைசி வாய்ப்பு முந்தைய வர்த்தக நாள், அதாவது 24 வெள்ளிக்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு வந்ததால் மூன்று நாள் முன்னதாகவே கதவு மூடிவிட்டது. பண்டிகை விடுமுறை சேர்ந்தால் இன்னும் தள்ளும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 24 அன்று உங்களிடம் இருந்த பங்கை 27 அன்று விற்றாலும் டிவிடெண்ட் உங்களுக்குத்தான். இது தெரியாமல், பணம் வரும்வரை விற்கக் கூடாது என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் 24 அன்று வாங்கி, 27 அன்று விற்று, 23 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்குத்தான் சந்தை இடம் கொடுப்பதில்லை. 27 காலையில் வாங்குபவருக்கு அந்த 23 ரூபாய் கிடையாது, அதனால் அந்த அளவைக் கழித்துத்தான் விலை கேட்பார். அன்றைய மற்ற ஏற்ற இறக்கங்களில் இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் இருக்கும். கூடவே தரகு, டிவிடெண்டுக்கு வருமான வரி. டிவிடெண்டுக்காகவே கடைசி நேரத்தில் வாங்குவதில் எனக்குத் தெரிந்து லாபம் புரோக்கருக்கு மட்டும்தான்.

வங்கிக் கணக்கை மாற்றிவிட்டு டீமேட்டை மறப்பது

டிவிடெண்ட் தானாக வரும், டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. பாஸ்புக்கை மாற்றியவர்கள் எல்லோரும் டீமேட்டிலும் மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஏழு வருடம் யாரும் கேட்காத டிவிடெண்ட், ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடமும் கேட்கப்படாமல் கிடந்தால் பங்குகளும் கூடவே போகும். திரும்ப வாங்க வழி உண்டு, அலைச்சலும் உண்டு. பங்கு இன்னும் காகிதமாகவே பெட்டியில் இருந்தால், பான், வங்கி விவரங்களைக் கம்பெனியின் பதிவாளரிடம் கொடுக்கும்வரை 2024 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டே வராது.

பைபேக்: ஓட்டுப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது

இனி பெரிய விஷயம். 2025 செப்டம்பர் 11 அன்று இன்ஃபோசிஸ் இயக்குநர் குழு, 10 கோடிப் பங்குகளை ஒன்றுக்கு 1,800 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்க முடிவெடுத்தது. பிறகு பங்குதாரர்களிடம் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. ரெக்கார்டு தேதி நவம்பர் 14. பங்குகளைக் கொடுக்கும் காலம் நவம்பர் 20 முதல் 26 வரை, அவ்வளவுதான்.

இதில் மின்னஞ்சல் இரண்டு தடவை வரும். முதலாவது வாக்குக் கேட்டு. அதில் "சம்மதம்" என்று அழுத்திவிட்டு, பங்கைக் கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவது எளிது. அது கம்பெனி பைபேக் செய்யலாமா என்பதற்கான ஓட்டு, அவ்வளவே. இரண்டாவது மின்னஞ்சலில் சலுகைக் கடிதம் வரும். அதைப் பார்த்து, புரோக்கரின் செயலியிலோ தொலைபேசியிலோ "இத்தனை பங்கு கொடுக்கிறேன்" என்று சொன்னால்தான் கொடுத்ததாகக் கணக்கு. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, பங்கு உங்களிடமே இருக்கும்.

டிவிடெண்டில் ரெக்கார்டு தேதி தாண்டியதும் பங்கை விற்கலாம் என்றேன். பைபேக்கில் அது ஆகாது. ரெக்கார்டு தேதி உங்களுக்கு உரிமையை மட்டும் தருகிறது. கொடுக்கும் நாளில் பங்கு கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும்!

எத்தனை பங்கு எடுத்துக்கொள்வார்கள்? ரெக்கார்டு தேதியன்று உங்கள் பங்குகளின் சந்தை மதிப்பு 2 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் சிறு பங்குதாரர். வாங்கும் பங்குகளில் 15 சதவீதம் உங்கள் வகைக்கு ஒதுக்கீடு. இந்தத் தடவை சிறு பங்குதாரருக்கு 11-க்கு 2 என்ற விகிதம் வந்தது. மற்றவர்களுக்கு 706-க்கு 17, நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. நம் ஆசிரியருக்கு 44-க்கு 8 பங்கு உறுதி. மொத்த 44-ஐயும் கொடுக்கிறேன் என்றும் சொல்லலாம். மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்காமல் விட்டால்தான் 8-க்கு மேல் ஏதாவது எடுப்பார்கள், மீதி திரும்பி வந்துவிடும். ஆகவே 44 × 1,800 என்று பெருக்கி வைத்துக்கொண்டு பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திட்டம் போடக் கூடாது.

1,800-ஐ மட்டும் பார்ப்பது

சந்தையில் 1,500, கம்பெனி தருவது 1,800. கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் வரி குறுக்கே வருகிறது. "பைபேக் பணத்துக்கு வரியே இல்லை" என்று யாராவது சொன்னால், அவர் 2024 செப்டம்பர் வரை இருந்த கதையைச் சொல்கிறார். அப்போது கம்பெனியே வரியைக் கட்டியது. 2024 அக்டோபர் 1 முதல், வாங்கிய விலையைக் கழிக்காமல் வரும் பணம் முழுவதையும் டிவிடெண்டாகக் கணக்கிட்டார்கள். இன்ஃபோசிஸ் பைபேக் இந்த விதியில்தான் நடந்தது.

8 பங்குக்கு 14,400 ரூபாய். ஆசிரியரின் வருமானம் 2025-26 கணக்கில் புதிய முறைப்படி 12 லட்சத்துக்குள் என்றால் தள்ளுபடி உண்டு, வரி இல்லை, 14,400-ம் அவருக்கே. அதே 8 பங்கைச் சந்தையில் 1,500-க்கு விற்றிருந்தால் 12,000. அவருக்குப் பைபேக்தான் லாபம், 2,400 ரூபாய் கூடுதல்.

அவரே பழைய முறையில் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால்? மேல்வரியோடு 20.8 சதவீதம், ஏறத்தாழ 2,995 ரூபாய் போய் கையில் 11,405. சந்தையில் விற்றால் லாபம் 4,000 ரூபாய்தான். நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, ஆக 12,000 முழுதாக வரும். இவருக்கு 1,800 ரூபாய் விலை 1,500-ஐவிடக் குறைவானது! அந்த 8 பங்கை வாங்க அவர் கொடுத்த 8,000 ரூபாய் மூலதன நஷ்டமாகக் கணக்கில் நிற்கும் என்பது உண்மை. அதைக் கழித்துக்கொள்ள வேறு ஆதாயம் வேண்டும், எட்டு ஆண்டுக்குள். நாலைந்து பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கும்.

டிடிஎஸ் இன்னொரு குழப்பம். ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஆசிரியரின் 1,980 ரூபாய் டிவிடெண்ட் அந்த வரம்புக்குள், ஆனால் பைபேக் பணம் சேர்ந்ததும் தாண்டிவிட்டது. வரி கட்ட வேண்டாத மூத்த குடிமக்கள் 15எச் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துத் தவிர்த்திருக்கலாம். கொடுக்காதவர்களுக்கு அது நஷ்டம் இல்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பணம் குறைந்து வந்ததைப் பார்த்து ரிட்டர்னே போடாமல் விடுவதுதான் நஷ்டம்.

2026 பிப்ரவரி பட்ஜெட்டில், பைபேக் பணத்தை மறுபடி மூலதன ஆதாயமாகவே பார்க்கலாம் என்று முன்மொழிந்தார்கள். அந்த முறையில் வாங்கிய விலையைக் கழித்த பிறகுதான் வரி, 20 சதவீத அடுக்கில் இருப்பவரின் கணக்கும் தலைகீழாகிவிடும். ஆகவே அடுத்த பைபேக் கடிதம் வரும்போது விலைக்கு அடுத்தபடியாக வரி பற்றிய பகுதியைத் திருப்புங்கள். அது கடிதத்தின் பின்பக்கங்களில், சின்ன எழுத்தில் இருக்கும். கூடவே புரோக்கர் எந்த நாள், எத்தனை மணிவரை விருப்பத்தைப் பெற்றுக்கொள்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல புரோக்கர்கள் கம்பெனி சொன்ன கடைசி நாளுக்கு முன்பே அடைத்துவிடுகிறார்கள்.