நடுவரின் கை யாரிடம் பேசுகிறது? ஒரே பந்தில் மூன்று சைகைகள்

2019இல், கொழும்பில் 15 வயதுக்குட்பட்ட பாடசாலை அணிகளின் கிரிக்கெட் போட்டி ஒன்றுக்கு ஸ்கோர் புத்தகம் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் எதிரணியின் ஸ்கோரர், எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். ஆட்டத்தின் நடுவில் ஒரு பையன் பந்தை எல்லைக்கு அனுப்பினான். என் புத்தகத்தில் அவன் 47இலிருந்து 51க்குப் போனான். பலகைப் பொறுப்பில் இருந்த சிறுவனுக்கு நான் குரல் கொடுக்க, அவன் இலக்கத்தை மாற்ற, கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. பையன் துடுப்பை உயர்த்தினான். பெரியவர் தலையைத் தூக்கி, "தம்பி, எதற்குக் கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டார். அவர் புத்தகத்தில் அவனுக்கு 47தான்.

அணியின் மொத்த ஓட்டங்கள் இரண்டு புத்தகங்களிலும் ஒன்றாகவே இருந்தன. நான்கு ஓட்டங்கள் எங்கே இடம் மாறின என்று தேடியதில் ஆறு ஓவர்களுக்கு முந்தைய ஒரு பந்து அகப்பட்டது. நடுவர் அந்தப் பந்துக்கு மூன்று சைகைகள் காட்டியிருந்தார். நான் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். அந்த ஒரு பந்தை வைத்தே சைகைகளைச் சொல்லித் தருகிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்தான்.

முதலில், சைகை எப்போது வருகிறது என்று பாருங்கள்

கையின் வடிவத்தைவிட நேரம் முக்கியம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே நடுவர் காட்டும் சைகைகள் நான்கு: ஆட்டமிழப்பு, நோ போல், வைட், டெட் போல். இவை முதலில் களத்தில் நிற்கும் வீரர்களுக்கானவை. நோ போல் என்று குரல் கொடுத்து ஒரு கையைத் தோளளவில் பக்கவாட்டில் நீட்டும்போது, நடுவர் உங்களைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது ஸ்கோரர் எதையும் எழுத வேண்டாம். என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும்.

பந்து ஓய்ந்த பிறகு, பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் நடுவர் ஸ்கோரர்களின் பக்கம் திரும்பி அதே சைகையை மறுபடி காட்டுவார். ஆட்டமிழப்பு மட்டும் திரும்பக் காட்டப்படுவதில்லை. ஓட்டக் கணக்கைச் சொல்லும் மற்றச் சைகைகள் எல்லாம் இந்த இரண்டாவது நேரத்தில்தான் வருகின்றன. நடுவரின் முகம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டதா என்பதே நீங்கள் முதலில் பழக வேண்டிய பார்வை.

ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரர் தனித்தனியாகப் பதில் காட்ட வேண்டும். சிறிய மைதானங்களில் கையை உயர்த்துவோம் அல்லது ஒரு வெள்ளைத் தாளை ஆட்டுவோம். பெரிய மைதானங்களில் ஒரு விளக்கை எரிய வைப்பார்கள். பதில் கிடைக்கும்வரை நடுவர் அடுத்த பந்துக்கு அனுமதிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பந்துவீச்சாளர் ஓடிவரத் தயாராக நிற்க, நடுவர் இன்னும் கையை நீட்டியபடி உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், ஆட்டம் உங்களுக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறது.

உதிரி ஓட்டங்களின் நான்கு வடிவங்கள்

ஒரு கை பக்கவாட்டில் நீண்டால் நோ போல். இரண்டு கைகளும் நீண்டால் வைட். விரித்த உள்ளங்கை தலைக்கு மேலே போனால் பை. அதாவது பந்து துடுப்பிலும் படவில்லை, உடலிலும் படவில்லை. முழங்காலை உயர்த்தி அதைக் கையால் தொட்டால் லெக் பை. பந்து துடுப்பில் படாமல் உடலில் பட்டுப் போயிருக்கிறது.

புதியவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். பையும் ஆட்டமிழப்பும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும், இரண்டிலும் கை மேலே போகிறது. ஆட்டமிழப்புக்கு ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் எழும், நடுவர் துடுப்பாட்டவீரரை நோக்கி நிற்பார். பைக்கு முழு உள்ளங்கை, முகம் உங்கள் பக்கம். விரல் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். இரண்டாவது தடுமாற்றம் வைட். நடுவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கை அவருடைய உடம்புக்குப் பின்னால் மறைந்து, வைட் நோ போலாகத் தெரியும். அவர் திரும்பி மறுபடி காட்டும்வரை பொறுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

எல்லைச் சைகைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்குக்குக் கை பக்கத்துக்குப் பக்கம் அசைந்து மார்புக்குக் குறுக்கே வந்து நிற்கும். ஆறுக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேலே.

இப்போது அந்தப் பந்து

பந்துவீச்சாளரின் முன்கால் கோட்டைத் தாண்டியது. நடுவர் "நோ போல்" என்று கூவிக் கையை நீட்டினார். பையன் காலைத் தூக்கி பந்தை ஃபைன் லெக் பக்கம் தள்ளப் பார்த்தான், துடுப்பு தவறியது, பந்து கால் கவசத்தில் பட்டு எல்லைக்கு ஓடியது. நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். பல சைகைகள் சேர்ந்து வரும்போது, நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே அவை வரும். முதலில் நோ போல். நான் கையை உயர்த்திவிட்டு, உடனே குனிந்து நோ போலுக்கான வட்டத்தைப் போடத் தொடங்கினேன். அவர் முழங்காலைத் தொட்டார். அதற்குப் பதில் காட்டியவர் பெரியவர். நான் நிமிர்ந்தபோது நடுவரின் கை மார்புக்குக் குறுக்கே அசைந்துகொண்டிருந்தது.

நோ போல், நான்கு என்று நான் எழுதினேன். அதாவது துடுப்பாட்டவீரருக்கு 4, உதிரியில் நோ போல் 1, பந்துவீச்சாளரின் கணக்கில் 5.

பெரியவர் நோ போல், லெக் பை, நான்கு என்று எழுதினார். துடுப்பாட்டவீரருக்கு ஓட்டம் இல்லை. உதிரியில் நோ போல் 1, லெக் பை 4. பந்துவீச்சாளரின் கணக்கில் 1 மட்டும்.

இரண்டு வழியிலும் அணிக்கு 5 ஓட்டங்கள். இரண்டு வழியிலும் அந்தப் பந்து ஓவரின் ஆறில் சேராது. ஆனால் துடுப்பாட்டவீரர் எதிர்கொண்ட பந்தாகக் கணக்கிடப்படும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்கோர் புத்தகத்தைச் சரிபார்க்க இரண்டு கூட்டல்கள் போடுவோம். துடுப்பாட்டவீரர்களின் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பை, லெக் பை இரண்டையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். தண்டனை ஓட்டங்கள் இருந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். என் தவறான புத்தகம் இந்த இரண்டு சோதனைகளிலும் தேறியது. தவறவிட்ட முழங்கால் சைகையைக் கூட்டல் பிடித்துக் கொடுக்காது. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் பக்கத்துப் புத்தகத்தோடு மொத்தத்தை மட்டுமல்ல, துடுப்பாட்டவீரரின் ஓட்டத்தையும் பந்துவீச்சாளரின் கணக்கையும் ஒப்பிட்டிருந்தால் அந்த ஓவர் முடிவிலேயே பிடிபட்டிருக்கும். நாங்கள் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் இடைவேளையில் நடுவரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் முழங்காலைத் தூக்கித் தொட்டுக் காட்டினார். பையன் அடுத்த ஓவரில் 47உடன் ஆட்டமிழந்தான். அந்தக் கைதட்டலுக்குப் பொறுப்பு நான்.

பழைய ஆட்களிடம் கேட்டுப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். நோ போலில் வரும் பை, லெக் பை ஓட்டங்கள் முன்பு நோ போல் கணக்கிலேயே எழுதப்பட்டன. 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளில்தான் அவை பிரிக்கப்பட்டன. வைட் மாறவில்லை: வைட் பந்து யாரும் தொடாமல் எல்லைக்குப் போனால் ஐந்தும் வைட்தான், ஐந்தும் பந்துவீச்சாளர் தலையில். அதனால் வைட்டுக்குப் பிறகு பை சைகை வராது. வைட், நான்கு என்று இரண்டோடு முடியும்.

அதே பந்தைப் பையன் அடிக்கவும் முயலாமல், விலகவும் முயலாமல், காலை மட்டும் நீட்டித் தடுத்திருந்தால்? லெக் பை கிடையாது. பந்து எல்லையைத் தொட்டதும் நடுவர் இடுப்புக்குக் கீழே மணிக்கட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக அசைத்து டெட் போல் காட்டுவார். நான்கு ஓட்டங்களும் இரத்து. நோ போலுக்கான ஒன்று மட்டும் நிற்கும். பந்து எல்லையில் கிடக்க, பலகையில் ஒரே ஓட்டம் ஏறுவதைப் பார்த்துக் கொட்டகையில் கூச்சல் எழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பந்துகளுக்குத்தான்.

தோளைத் தொடும் சைகைகள்

இவை அரிதாக வரும், வந்தால் குழப்பும். எந்தக் கை எந்தத் தோளைத் தொடுகிறது என்று பாருங்கள். கையை மடித்து அதே பக்கத் தோளை விரல் நுனியால் தொட்டால் குறை ஓட்டம்: துடுப்பாட்டவீரர் கோட்டைத் தொடாமல் திரும்பியிருக்கிறார். எதிர்ப்பக்கத் தோளைத் திரும்பத் திரும்பத் தட்டினால் துடுப்பாடும் அணிக்கு 5 தண்டனை ஓட்டங்கள். விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் தரையில் வைத்த தலைக்கவசத்தில் பந்து படுவது இதற்கு நல்ல உதாரணம். எதிர்ப்பக்கத் தோளில் கையைத் தட்டாமல் வைத்தால் அந்த 5 களத்தடுப்பு அணிக்கு. இரண்டு கைகளும் குறுக்காக இரண்டு தோள்களையும் தொட்டால், கடைசியாகக் காட்டிய சைகையை நடுவர் திரும்பப் பெறுகிறார். அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சைகை சொல்லாத விடயம்

சைகை, என்ன எழுத வேண்டும் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார், முரளிதரன் வீசிய பந்துகளை ஏழு முறை நோ போல் என்று அறிவித்தார். கோட்டைத் தாண்டினாலும், பந்தை எறிந்தார் என்று கருதினாலும் நீளுவது அதே கைதான். ஸ்கோரர்களுக்கு அது போதுமானது: ஒரு வட்டம், ஒரு ஓட்டம். மைதானத்தில் இருந்தவர்களுக்குத்தான் காரணம் வேண்டியிருந்தது, அது கையில் இல்லை.

பழகுவதற்குப் பொரளைப் பக்கம் பி. சரவணமுத்து மைதானம் எனக்குப் பிடித்த இடம். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை 1982 பெப்ரவரியில் விளையாடியதும் அங்கேதான். கூட்டம் குறைந்த ஒரு கழகப் போட்டி நாளில் ஸ்கோரர்களுக்கு அருகில், அவர்களுக்குத் தொந்தரவு இல்லாத தூரத்தில் உட்காருங்கள். பத்து ஓவர்களை நீங்களே எழுதுங்கள். நோ போலுக்கு வட்டம், வைட்டுக்குக் கூட்டல் குறி, பைக்கு முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். நடுவர் உங்கள் பக்கம் திரும்பினால், அவர் கை கீழே இறங்கிப் பந்துவீச்சாளரின் பக்கம் திரும்பும்வரை பென்சிலைத் தாளில் வைக்காதீர்கள்.