குடும்பக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

பாலியேட்டிவ் கேர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு உணவுக்குழாய் புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் அவர், மனைவி, மகள், டாக்டர், நர்ஸ். மூத்த மகன் போனில். பதிவு 40 நிமிடம்.

முதலில், பதிவு செய்ய எல்லோரும் சம்மதித்தது தொடக்கத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு எதையும் எழுதாமல் முழுவதும் ஒருமுறை கேளுங்கள். முக்கியமான இடங்களின் நிமிடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்து, முடிவான இலக்குகள். 12-ஆம் நிமிடத்தில் பெரியவர் சொல்கிறார்: "நான் வீட்லயே இருக்கணும்." 31-இல் டாக்டர், "அப்போ வீட்லயே பார்த்துக்கலாம், வீட்ல சமாளிக்க முடியலைன்னா மட்டும் இங்க வாங்க" என்கிறார். மகள் "சரி" என்கிறார். மனைவி தலையாட்டினாரா என்பது பதிவில் தெரியாது, நர்ஸைக் கேளுங்கள். மகனின் குரலே இல்லை. "குடும்பம் ஒப்புக்கொண்டது" என்று எழுதிவிடாதீர்கள். "நோயாளியின் விருப்பம்: வீடு. மகள் சம்மதம். மகன் பதில் சொல்லவில்லை" என்று எழுதுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எழுதினால், ஒரு ராத்திரி மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதுதான் தவறு தெரியும்.

கவலைகளை அவரவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "மார்ஃபின் குடுத்தா அப்பா அதுக்கு அடிமையாயிடுவாரா?" என்று மகள் கேட்கிறார். இதை "மார்ஃபின் பற்றிய பயம்" என்று சுருக்கினால், அடிமையாவது பற்றிய பயமா, சீக்கிரம் போய்விடுவார் என்ற பயமா என்பது அடுத்து வரும் நர்ஸுக்குத் தெரியாது. இரண்டுக்கும் சொல்ல வேண்டிய பதில் வேறு. டாக்டர் விளக்கிய பிறகும் பத்து நிமிடம் கழித்து மகள் அதையே கேட்டால், "கவலை தீரவில்லை" என்று சேர்த்து எழுதுங்கள்.

யார் எதைச் செய்வது என்பதில்தான் நம் பேச்சு வழக்கு காலை வாரும். "மாத்திரை வாங்கிடலாம்", "அண்ணன்கிட்ட சொல்லிடலாம்" என்பார்கள். யார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. யார் வாங்குவார் என்று நீங்களாக ஊகிக்காமல், போன் செய்து கேட்டு எழுதுங்கள்.

மருந்தளவைப் பதிவிலிருந்து எழுதவே கூடாது. "அஞ்சு மில்லி" என்று கேட்கும், அது மில்லிகிராமா மில்லிலிட்டரா என்பது தெரியாது. மருந்துச் சீட்டைப் பார்த்தே எழுதுங்கள்.

முடிந்த குறிப்பு இப்படி இருக்கும்:

இலக்கு: வீட்டிலேயே பராமரிப்பு. வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் மட்டும் மருத்துவமனை. (நோயாளி, மகள் சம்மதம். மனைவி தலையாட்டியதை நர்ஸ் பார்த்தார். மகனிடம் கேட்க வேண்டும்.)
கவலை: "அடிமையாயிடுவாரா?" (மகள், தீரவில்லை). "சாப்பிடாம எப்படி இருப்பார்?" (மனைவி, டாக்டர் விளக்கினார்).
பொறுப்பு: மார்ஃபினும் மலச்சிக்கல் மருந்தும் வாங்குவது மகள், நாளை. மகனிடம் பேசுவது டாக்டர், வியாழன். மகளின் கவலையை மறுபடி பேசுவது நர்ஸ், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது.

கோப்பில் வைக்கும் முன் இதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்னால், திருத்திய தேதியோடு எழுதுங்கள்.