மடி செல் ஆட்டுக்குட்டியாக வளரவில்லை: குளோனிங் பற்றிச் சொல்லும்போது நேரும் தவறுகள்

ஒரு விலங்கின் உடல் செல்லில் உள்ள உட்கருவை, தன் குரோமோசோம்கள் நீக்கப்பட்ட கருமுட்டையில் சேர்த்து, அந்த விலங்கின் மரபணு நகலை உருவாக்குவதுதான் இங்கே சொல்லும் குளோனிங். அப்படிப் பிறந்த செம்மறி ஆடு டாலி. "டாலி ஒரு மடி செல்லிலிருந்து வளர்ந்த ஆடு" என்று பலரும் எழுதுகிறார்கள். முதல் தவறு இதுதான். மடி செல்லை எவ்வளவு காலம் வளர்த்தாலும் மடி செல்கள்தான் கிடைக்கும். ஆட்டை உருவாக்கத் தேவையான மரபணுக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன; ஆனால் மடிக்கு வேண்டாதவை பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பூட்டுகளைத் திறக்கும் புரதங்கள் கருமுட்டையின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பும் பொருளில், இருக்கின்றன. முதல் சில செல் பிரிவுகளை நடத்துவதும் முட்டை முன்பே சேர்த்துவைத்த சரக்குதான். செம்மறி ஆட்டில் கரு ஏறத்தாழ 8 முதல் 16 செல்களை எட்டும்போதுதான் அதன் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலையைத் தொடங்குகின்றன. ஆகவே முட்டையை வெறும் பாத்திரமாக நினைத்தால் குளோனிங்கே புரியாது.

அடுத்த தவறு படங்களால் வருவது. முட்டைக்குள் உருண்டையாக ஓர் உட்கரு, அதை எடுத்துவிட்டு இன்னொரு உருண்டையை வைப்பது போல வரைந்துவிடுகிறார்கள். சினைப்படாத முதிர்ந்த முட்டையில் அப்படி ஓர் உருண்டையே கிடையாது. உட்கருவின் சவ்வு கரைந்து, குரோமோசோம்கள் முட்டையின் ஓரமாக ஒதுங்கி நிற்கும். மெல்லிய கண்ணாடிக் குழலால் அந்த ஓரத்தைச் சிறிது சைட்டோபிளாசத்தோடு உறிஞ்சி எடுப்பார்கள். டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயமிட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தால், குரோமோசோம்கள் உண்மையிலேயே வெளியே வந்துவிட்டனவா என்று தெரியும். அவை தங்கிவிட்டால் கருவில் குரோமோசோம் எண்ணிக்கை குழம்பிவிடும்.

டாலிக்காக உட்கருவை மட்டும் தனியே பிரித்து ஊசியால் செலுத்தவும் இல்லை. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்பல் குழுவினர் ஆறு வயது ஃபின் டார்செட் ஆட்டின் மடி செல்லை முழுதாக முட்டையின் பக்கத்தில் வைத்து, மின்துடிப்பால் இரண்டையும் இணைத்தார்கள். விந்தணு தரவேண்டிய 'தொடங்கு' என்ற சைகையையும் அந்த மின்துடிப்பே தந்தது. அதற்கு முன் மடி செல்லை ஐந்து நாள் சத்துக்குறைவான திரவத்தில் வைத்து, பிரிவதை நிறுத்தியிருந்தார்கள். பாதி நகலெடுத்த டி.என்.ஏ.வோடு செல் உள்ளே போனால் முட்டையின் கணக்கோடு அது ஒத்துப்போகாது. என் பார்வையில் இந்தப் பட்டினிதான் சோதனையின் சாமர்த்தியமான பகுதி. செய்திகளில் அதிகம் விடுபடுவதும் அதுதான்.

டாலி பற்றிய செய்திகளில் வரும் 277 என்ற எண்ணை "276 ஆடுகள் இறந்தன" என்று வாசிப்பவர்களும் உண்டு. 277 என்பது இணைக்கப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கை. அவற்றில் 29 கருக்கள் மட்டுமே தேறின. அவை 13 ஆடுகளின் கருப்பையில் வைக்கப்பட்டன. உயிரோடு பிறந்தது 1996 ஜூலை 5 அன்று டாலி மட்டுமே. முட்டை தந்ததும் சுமந்து பெற்றதும் கறுப்பு முக ஆடுகள். பிறந்த குட்டிக்கோ, மடி செல் தந்த ஃபின் டார்செட் ஆட்டைப் போல வெள்ளை முகம். உட்கரு யாருடையது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

அதற்காக டாலியை நூறு சதவீத நகல் என்று எழுதிவிடக் கூடாது. சைட்டோபிளாசத்தில் இருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனியே சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. பின்னர் சோதித்தபோது, டாலியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முட்டை தந்த கறுப்பு முக ஆட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தது.